மாமா எப்படி அங்கிள் ஆனார்? அத்தை, மாமன், மச்சான் ஆங்கிலத்துக்குப் போகும்போது நடப்பது

ஒரு தமிழ்ப் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்திருந்தால் இந்தக் கூத்து உங்களுக்கும் தெரிந்திருக்கும். கதாநாயகி கட்டின புருஷனைப் பார்த்து "மாமா, சாப்பிட வாங்க" என்கிறாள், கீழே "அங்கிள்" என்று வருகிறது. தமிழ் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் முகம் சுளிப்பார், அவர் மேல் தப்பில்லை. அடுத்த காட்சியில் இரண்டு நண்பர்கள் "மச்சான், கிளம்புடா" என்று பேசிக்கொள்வார்கள், கீழே "பிரதர் இன் லா". அதற்கப்புறம் அம்மா வந்து மகளிடம் "அத்தை மகன் கையிலேயே இருக்கும்போது வெளியில் எதற்கு மாப்பிள்ளை பார்க்கணும்?" என்று கேட்பாள், அது "ஆன்ட்டியின் மகன்" என்றோ "உன் கசின்" என்றோ போகும்.

மூன்று இடத்திலும் அகராதியில் இருக்கிற சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் மூன்றுமே கதையைக் கெடுக்கின்றன. தமிழ்ச் சொல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, ஆங்கிலச் சொல் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அதுதான் காரணம். அந்த இரண்டு கேள்விகள் என்ன என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

## ஆங்கிலம் கேட்கும் கேள்வி, தமிழ் கேட்கும் கேள்வி

ஆங்கிலத்துக்கு முக்கியமானது, ஒருவர் ரத்த உறவா, கல்யாணத்தால் வந்த உறவா என்பது. கல்யாணத்தால் வந்த நெருங்கிய உறவுகளுக்கு "இன் லா" என்று ஒரு வால் ஒட்டிவிடும். அப்புறம் எத்தனை தலைமுறை தள்ளி என்று பார்க்கும். அப்பா பக்கமா, அம்மா பக்கமா என்று கேட்காது. அப்பாவின் அண்ணன், அம்மாவின் தம்பி, அத்தையின் கணவர், சித்தியின் கணவர் நால்வரும் அங்கிள். இவர்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் கசின், ஆணா பெண்ணா என்றுகூட அந்தச் சொல்லில் தெரியாது.

தமிழ் கேட்பது: இவர் நமக்குப் பெண் கொடுத்து எடுக்கும் பக்கமா, இல்லை நம் பக்கமேவா? ஊரில் இதைத்தான் "முறை" என்பார்கள். கல்யாண வீட்டில் முன்பின் பார்க்காத ஒரு பையனை அறிமுகப்படுத்தினால் பெரியவர்கள் முதலில் கேட்பது "இவன் நமக்கு என்ன முறை வேணும்?" என்றுதான். படிப்பும் வேலையும் அப்புறம்தான்.

அத்தை, மாமன், மச்சான் மூன்றும் கொடுத்து எடுக்கும் பக்கத்துச் சொற்கள். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, அண்ணன், தங்கை எல்லாம் இந்தப் பக்கத்துச் சொற்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு ஓடுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் கோடே இல்லை.

## கோட்டை எப்படிப் போடுகிறார்கள்

இது ஏதோ மனப்பாடம் செய்த பட்டியல் மாதிரித் தெரியும், ஆனால் விதிகள் கொஞ்சம்தான்.

1. இரண்டு ஆண்கள் உடன்பிறந்தவர்கள் என்றாலும், இரண்டு பெண்கள் உடன்பிறந்தவர்கள் என்றாலும், அவர்களின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அப்பாவின் அண்ணன் இன்னொரு அப்பா, அதனால்தான் பெரியப்பா. அம்மாவின் தங்கை இன்னொரு அம்மா. சித்தியைச் சின்னம்மா என்று கூப்பிடுகிற வீடுகளில் இது வெளிப்படையாகவே தெரியும்.

2. உடன்பிறந்தவர்களில் ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால், அவர்களின் பிள்ளைகள் கோட்டுக்கு அந்தப் பக்கம். அப்பாவின் அக்காவோ தங்கையோ அத்தை, அம்மாவின் அண்ணனோ தம்பியோ மாமன். அவர்கள் பிள்ளைகள்தான் மச்சான், முறைப்பெண்.

3. கணவனும் மனைவியும் ஜோடியாகவே வருவார்கள். மாமனின் மனைவி அத்தை, அத்தையின் கணவர் மாமா. சித்தியின் கணவர் சித்தப்பா, பெரியப்பாவின் மனைவி பெரியம்மா. அதாவது அத்தையின் கணவரும் அம்மாவின் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்றாலும் நமக்கு இருவரும் மாமாதான். சித்தியின் கணவர் எந்தக் காலத்திலும் மாமா ஆக மாட்டார்.

ஆங்கிலத்தில் இந்த மூன்று ஆண்களும் அங்கிள் என்ற ஒரே டப்பாவில் போய் விழுகிறார்கள். அம்மாவின் அண்ணன் மகளை ஒருவன் கட்டினால் ஊரே சாப்பிட்டுவிட்டுப் போகும், அப்பாவின் அண்ணன் மகளைக் கட்டினால் ஊர் வேறு மாதிரிப் பேசும். ஆங்கிலத்தில் இரண்டும் "அங்கிளின் மகள்".

## மாமனும் மாமனாரும் ஏன் ஒரே சொல்லில் வருகிறார்கள்

மேலே உள்ள விதிகளை ஒரு தலைமுறை கீழே இறக்கிப் பார்த்தால் அடுத்த முடிச்சு அவிழும். மாமன் மகளைக் கட்டினால் மாமன் என்ன ஆவார்? மாமனார் ஆவார். அத்தை மகனைக் கட்டினால் அத்தை மாமியார். கட்டுவதற்கு முன்னால் என்ன சொல்லிக் கூப்பிட்டோமோ அதையேதான் பின்னாலும் கூப்பிடுகிறோம், சொல்லை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாமன் மகளைக் கட்டாதவனும், எந்தச் சொந்தமும் இல்லாத வீட்டில் பெண் எடுத்தவனும்கூட மாமனாரை "மாமா" என்றும் மாமியாரை "அத்தை" என்றும்தான் கூப்பிடுகிறான். காதல் கல்யாணம் செய்து வேறு மாவட்டத்தில் பெண் எடுத்தாலும் அப்படித்தான். "கல்யாணம் நடந்ததால் இவர் மாமா ஆனார்" என்பது ஆங்கிலக் கணக்கு. தமிழ்க் கணக்கில் பெண் கொடுக்கிறவர் எப்போதும் மாமன் பக்கம், யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்துச் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1953-இல் எழுதிய கட்டுரையில் சொன்னது சாரத்தில் இதுதான்: தென்னிந்திய உறவுச் சொற்களில் மாமன் என்பவரை அம்மாவின் சகோதரன் என்று மட்டும் பார்க்கக் கூடாது, அப்பாவோடு கொள்வினை கொடுப்பினை உறவில் இருக்கிறவர் என்று பார்க்க வேண்டும், கல்யாண உறவு அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்கி வருகிறது.

அப்பாவுக்கு மச்சான் யாரோ அவர் மகனுக்கு மாமன். மாமனின் மகன் இவனுக்கு மச்சான். இவன் பிள்ளைக்கு அந்த மச்சான் மறுபடி மாமன். அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாக அதே உறவுதான்.

இப்போது அந்த மனைவி கணவனை "மாமா" என்று கூப்பிட்டதற்கு வருவோம். தமிழ்நாட்டின் பல சமூகங்களில் தாய்மாமனே அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அங்கே அவர் சொந்தத் தாய்மாமனாகவே இருக்கலாம். அப்படி இல்லாத வீடுகளிலும் "மாமா" என்பது கட்டும் பக்கத்து ஆணைக் கொஞ்சலாகக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது, "அத்தான்", "மச்சான்" மாதிரியே. "அங்கிள்" என்று போட்டதும் அந்தக் கொஞ்சல் போய், பார்க்கிறவருக்கு வயது வித்தியாசமும் தகாத உறவும்தான் தெரிகின்றன.

## ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

பக்கத்துச் சொந்தத்தில் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் தூரத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த முறை எவ்வளவு கறாரானது என்று புரியும்.

உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு ஓர் அண்ணன். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள், இருவருக்கும் கல்யாணமாகி ஆளுக்கொரு பையன். அந்த இரண்டு பையன்களும் உங்கள் வயதுக்காரர்கள். நீங்கள் ஓர் ஆண் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இவர்கள் உங்களுக்கு என்ன வேண்டும்?

1. பாட்டியின் அண்ணன் உங்கள் அப்பாவுக்குத் தாய்மாமன். உங்களுக்கு அவர் தாத்தா.

2. அவருடைய மகன் உங்கள் அப்பாவுக்கு மச்சான். அப்பாவின் மச்சான் உங்களுக்கு மாமா.

3. அவருடைய மகள் உங்கள் அப்பாவுக்கு முறைப்பெண், அதாவது அப்பா கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் உங்களுக்கு அம்மா ஆகியிருப்பார். ஆகவே அவர் உங்களுக்கு அம்மா வரிசை, உங்கள் அம்மாவைவிட மூத்தவரா இளையவரா என்பதைப் பொறுத்து பெரியம்மா அல்லது சித்தி. அவரை நீங்கள் அத்தை என்று கூப்பிட்டால் அங்கேயே யாராவது திருத்துவார்கள்.

4. மாமாவின் பையன் உங்களுக்கு மச்சான். அவனுக்கு ஒரு தங்கை இருந்தால் அவள் கட்டும் முறை.

5. சித்தியின் பையன் உங்களுக்கு அண்ணனோ தம்பியோ. அவனுக்கு ஒரு தங்கை இருந்தால் அவள் உங்களுக்கும் தங்கை.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு பையன்களும் "செகண்ட் கசின்", அவ்வளவுதான். ரத்தத் தூரமும் இருவருக்கும் ஒன்றே. ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒரே வீட்டில் கோடை விடுமுறைக்கு வந்து ஒரே பாயில் படுத்திருக்கலாம். இருந்தும் ஒருவன் மச்சான், ஒருவன் தம்பி.

இந்தக் கணக்கில் "அப்பா கட்டினாரா" என்பது பிரச்சனையே இல்லை, "கட்டலாமா" என்பதுதான். அப்பா எங்கோ வெளியில் பெண் எடுத்திருந்தாலும் அந்த அம்மாள் உங்களுக்குச் சித்திதான்.

இதில் ஒரு பக்கக் கதை. அமெரிக்காவின் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் உலகத்து உறவுச் சொற்களைத் தொகுத்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். இரோகுவா பழங்குடிகளில் ஒருவரான செனகா மக்களின் சொற்களும் தமிழ்ச் சொற்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதைக் கண்டு அவருக்கு ஆச்சரியம். அங்கேயும் அப்பாவின் சகோதரன் அப்பா, அம்மாவின் சகோதரி அம்மா. ஆனால் நாம் மேலே போட்ட கணக்குக்கு வந்தால் இரண்டும் பிரிந்துவிடும். செனகா முறையில் அப்பாவின் அத்தை மகன், மாமன் மகன் எல்லாருமே அப்பா வரிசைதான், அவர்கள் பிள்ளைகள் சகோதரர்கள். தமிழில் அவர் மாமா, அவர் மகன் மச்சான். தமிழ் முறை கொள்வினை கொடுப்பினையின் மேல் நிற்பது, பக்கத்துச் சொந்தத்தில் தெரியாமல், இப்படித் தூரத்துச் சொந்தத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது.

## சட்டப் புத்தகத்தில் இதே குழப்பம்

1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், யார் யாரைக் கட்டக் கூடாது என்று 3-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால் அந்தப் பட்டியல் ஆங்கில உறவுகளாகவே இருக்கிறது. அங்கிளும் நீஸும் கூடாது, ஆன்ட்டியும் நெஃப்யூவும் கூடாது, அண்ணன் தங்கை பிள்ளைகள், இரண்டு சகோதரர்களின் பிள்ளைகள், இரண்டு சகோதரிகளின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வரியில் கூடாது.

தமிழ்க் காதில் அந்த வரி விசித்திரமாக விழும். இரண்டு சகோதரர்களின் பிள்ளைகள் கட்டக் கூடாது என்பதைச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவர்கள் அண்ணன் தங்கை. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் கட்டக் கூடாதென்றால் பிறகு "முறை" என்பதற்கே என்ன அர்த்தம்?

அங்கிள், நீஸ் இன்னும் மோசம். "நீஸ்" என்ற சொல்லில் அண்ணன் மகளும் அடக்கம், அக்காள் மகளும் அடக்கம். தமிழில் ஓர் ஆணுக்கு அண்ணன் மகள் மகள்தான், அவள் இவனைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறாள். அக்காள் மகளோ மருமகள் வரிசை, அவள் இவனை மாமா என்று கூப்பிடுகிறாள். முதல் உறவில் கல்யாணம் என்ற பேச்சே எழாது. இரண்டாவது, சில சமூகங்களில் வழிவழியாக இருந்து வந்த வழக்கம்.

நல்ல வேளையாக அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு, இரு தரப்பின் வழக்கமும் அனுமதித்தால் இந்தத் தடை பொருந்தாது என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணங்கள் சட்டப்படி நிற்பது அந்த வழியில்தான். (சொந்தத்தில் கட்டுவது பிள்ளைகளின் உடல்நலத்துக்கு நல்லதா என்பது தனிக் கேள்வி. மரபணுவுக்கு முறை தெரியாது. மாமன் மகளும் சித்தப்பா மகளும் அதற்கு ஒரே தூரம்தான், அந்த ஓரிடத்தில் ஆங்கிலக் கணக்கே சரி.)

## நண்பன் ஏன் மச்சான்?

இனி மச்சான். சொந்தத்தில் இது யார் யாரைக் குறிக்கும் என்று முதலில் பார்த்துவிடலாம். ஓர் ஆணுக்கு அத்தை மகன், மாமன் மகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன். நான்கும் ஒரே இடம்தான், ஏனென்றால் முறைப்படி அத்தை மகனே சகோதரியைக் கட்டுகிறான், மாமன் மகனே மனைவியின் சகோதரன் ஆகிறான்.

நண்பனை ஆங்கிலத்தில் "ப்ரோ" என்கிறார்கள், நெருக்கம் என்றால் சகோதரன். தமிழ் இளைஞன் நண்பனை மச்சான் என்கிறான். நெருக்கம் வந்ததும் சகோதரன் என்ற இடத்தை விட்டுவிட்டு ஏன் மச்சான் என்ற இடத்துக்குப் போகிறான்?

அண்ணன் தம்பிகளுக்கும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்கும் தமிழில் இன்னொரு பெயர் பங்காளி. பங்கு உள்ளவன். ஒரே பாட்டன் சொத்தில் ஒரே வரப்புக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவன். பங்காளிச் சண்டை என்ற சொல் இருக்கிறது, மச்சான் சண்டை என்ற சொல் கிடையாது. பங்காளிக்குள் மரியாதை உண்டு, வயது வரிசை உண்டு, அண்ணன் முன்னால் தம்பி காலை நீட்டி உட்கார மாட்டான் என்று சொல்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

மச்சானிடம் அதெல்லாம் கிடையாது. மச்சான் முறை என்றாலே கேலி முறை. வேட்டியை உருவலாம், சட்டையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம், "என்ன மாப்ள, தொப்பை போட்டுருச்சு" என்று நாலு பேர் நடுவில் கேட்கலாம். அவன் கோபித்துக்கொண்டால் அவன்மேல்தான் தப்பு. சொத்தில் போட்டியில்லை, மரியாதைச் சுமையில்லை, ஆனால் விட்டுப்போகவும் முடியாத உறவு. கல்லூரி விடுதி நட்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் சொந்தபந்தத்தில் எங்கே இருக்கிறது? (இப்போது நண்பனை "பங்காளி", "பங்கு" என்றும் கூப்பிடுகிறார்கள். தெரிந்துதான் கூப்பிடுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.)

"பிரதர் இன் லா" என்று சப்டைட்டில் போடும்போது இந்தக் கேலி, உரிமை இரண்டும் போய்விடுகிறது. "ப்ரோ" என்று போட்டால் கொஞ்சம் தேவலை, வசனம் ஓடும். ஆனால் எந்தக் கோட்டைத் தாண்டிப் போய் அவன் நண்பனை வைத்தானோ, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே மறுபடி இழுத்துவந்து வைத்துவிடுகிறது.

கோடு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி ஒன்று. தெருவில் முன்பின் தெரியாத ஆணை ஒரு பெண் எப்படிக் கூப்பிடுகிறாள்? "அண்ணா, கொஞ்சம் வழி விடுங்க." ஆட்டோக்காரர், பூக்காரர், கண்டக்டர் எல்லாரும் அண்ணா. அத்தான் என்றோ மச்சான் என்றோ எந்தப் பெண்ணும் கூப்பிட மாட்டாள். ஆண் தெரியாத பெண்ணை "அக்கா", "தங்கச்சி" என்பான். மச்சினி என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும், செருப்பு பறக்கும். ஆண்களுக்குள் "மச்சான்" நட்பு. அதே பக்கத்துச் சொல்லை ஆண் பெண்ணுக்கு நடுவில் வைத்தால் காதல், இல்லையென்றால் வம்பு. கசின், பிரதர் இன் லா போன்ற சொற்களில் இந்த மின்சாரமே இல்லை.

## அத்தைக்கும் மாமனுக்கும் வேலை இருக்கிறது

இவை பெயர்கள் மட்டும் இல்லை, பொறுப்புகளும்கூட. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைக்கிறார்கள்? தாய்மாமன் மடியில். அவர் வரத் தாமதமானால் ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு காத்திருப்பார், பக்கத்தில் சித்தப்பா சும்மாதான் நிற்பார், அவர் மடியில் உட்கார வைத்து முடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. பெண் வயதுக்கு வந்தால் பச்சை ஓலை கட்டுவதும் சீர் வரிசை கொண்டுவருவதும் தாய்மாமன். சொந்தத் தாய்மாமன் இல்லாத வீட்டில் அந்த முறையுள்ள வேறொருவரைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

அத்தைக்கும் அப்படியே. கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மிச்ச முடிச்சுகளைப் போடுவது பல வீடுகளில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ, அதாவது நாத்தனார். அந்தப் பெண்தான் நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அத்தை. "ஆன்ட்டி முடிச்சுப் போட்டார்" என்று எழுதினால் பக்கத்து வீட்டுப் பெண்மணி உதவிக்கு வந்த மாதிரி இருக்கும்.

## தமிழுக்கே சிக்கும் இடங்கள்

எல்லாம் கடிகாரம் மாதிரி ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். இரண்டு இடங்களில் சிக்கும்.

முதலாவது, ஒரே ஆளுக்கு இரண்டு வழியில் உறவு வருவது. உங்கள் அக்காவை உங்கள் தாய்மாமனே கட்டிக்கொண்டார் என்று வையுங்கள். அவர்கள் பிள்ளை உங்களுக்கு யார்? நீங்கள் ஆண் என்றால், அக்கா வழியில் மருமகன், மாமா வழியில் மச்சான். இரண்டுமே கோட்டுக்கு அந்தப் பக்கம்தான், படி மட்டும் மாறுகிறது, பெரிய தலைவலி இல்லை. நீங்கள் பெண் என்றால்தான் சிக்கல். அக்கா பிள்ளை உங்களுக்குப் பிள்ளை, உங்களைச் சித்தி என்று கூப்பிட வேண்டியவன். மாமன் பிள்ளையோ கட்டும் முறை. ஒரே பையன் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறான். நடைமுறையில் கிட்டத்து உறவு ஜெயிக்கும், அவன் சித்தி என்றுதான் கூப்பிடுவான். தூரத்துச் சொந்தத்தில் இப்படி வந்தால் "எங்க வழியில் பார்த்தா தம்பி, உங்க வழியில் பார்த்தா மச்சான்" என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச்சு ஓடும், கல்யாணம் பேச வேண்டிய நேரமாக இருந்தால் எந்த வழி வசதியோ அந்த வழியைச் சொல்வார்கள்.

இரண்டாவது, ஊரும் சமூகமும் மாறினால் சொல்லும் மாறும். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் சகோதரியும் மாமி, மாமியாரும் மாமி, முறைப்பெண் மச்சாள். பிராமண வீடுகளில் அத்தையின் கணவர் அத்திம்பேர், மாமனின் மனைவி மாமி, அம்மாவின் சகோதரன் மகன் அம்மாஞ்சி. பல ஊர்களில் அக்காவின் கணவரை மாமா என்பார்கள், சில வீடுகளில் அத்தான், இன்னும் சில இடங்களில் மச்சான். ஆக, "அத்தான்" என்ற சொல்லைப் பார்த்ததும் ஓர் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தால், எந்த ஊர்ப் பேச்சு என்று தெரியாத வரை தப்பாகப் போக இடமுண்டு. சொற்கள் இப்படி இடம் மாறினாலும் கோடு பெரும்பாலும் மாறுவதில்லை.

## அப்படியானால் எப்படித்தான் மொழிபெயர்ப்பது?

"அத்தை" என்பதை "அப்பாவின் சகோதரி" என்று விரித்து எழுதலாம் என்று முதலில் தோன்றும். அதுவும் பாதிதான். அப்பாவின் பெரியப்பா மகளும் அத்தை, மாமனாரின் மனைவியும் அத்தை. விரித்து எழுதினால் ரத்த உறவு சரியாக வரும், பக்கம் வராது.

அந்த அம்மாவின் வசனத்தையே எடுத்துக்கொள்வோம்: "அத்தை மகன் கையிலேயே இருக்கும்போது வெளியில் எதற்கு மாப்பிள்ளை பார்க்கணும்?" "ஆன்ட்டியின் மகன்" என்று போட்டால், எந்த ஆன்ட்டி என்று தெரியாததால், சித்தி மகனாகக்கூட இருக்கலாம். அந்த அம்மாள் மகளை, அந்த மகளுக்கே தம்பி முறையானவனுக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்கிறாள் என்று அர்த்தம் ஆகிவிடும். "கசின்" என்று போட்டாலும் இதே கதி. "அப்பாவின் சகோதரி மகன்" என்றால் ஆள் சரி, ஆனால் அவன் ஏன் கையிலேயே இருக்கிறான், அவனுக்கு என்ன உரிமை என்று ஆங்கில வாசகருக்குப் புரியாது.

நான் செய்வது மூன்று வகை. கதையில் உறவு முக்கியமென்றால் அத்தை, மாமன், மச்சான் என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் விட்டுவிடுவேன், முதல் தடவை வரும்போது யாராவது அந்த உறவை வாழ்ந்து காட்டுகிற மாதிரி ஒரு வாக்கியத்துக்குள் வைத்துவிடுவேன், அடிக்குறிப்பு போட மாட்டேன். மேலே உள்ள வசனத்துக்கு ஆங்கிலத்தில் "அவனுக்குத்தானே முதல் உரிமை" என்கிற அர்த்தத்தில் அரை வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும், அம்மாவின் தொனி வந்துவிடும். நண்பர்கள் பேசுகிற மச்சான் என்றால், சப்டைட்டிலில் அதை அப்படியே வைக்கலாம், நாலு தடவை வந்தால் யாருக்கும் புரிந்துவிடும். சிங்களத்திலும் நண்பனைக் கூப்பிட இதே சொல்தான், அங்கே யாரும் மொழிபெயர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

மனைவி கணவனைக் கூப்பிடும் "மாமா" மட்டும் தனி ரகம். அங்கே உறவைச் சொல்ல வேண்டியதே இல்லை, கொஞ்சலைச் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் மனைவி கணவனை எப்படிச் செல்லமாகக் கூப்பிடுவாளோ அதைப் போடலாம், அல்லது பெயரே இல்லாமல் "சாப்பிட வாங்க" என்று மட்டும் போடலாம். சப்டைட்டிலில் எழுத்தும் மிச்சம்.